நாலாம் வகுப்பு அக்கா, ஒன்றாம் வகுப்புத் தம்பி: வாசிப்பு ஜோடிகளைத் தொடங்கி நடத்துவது எப்படி

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வயது முடிந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை நாலாம் வகுப்பில் இருக்கிறது. இரண்டு வகுப்புக்கும் நடுவே பல ஊர்களில் ஒரு சுவர்தான் இருக்கும். வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம், அந்தச் சுவரைத் தாண்டி இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்துக் கதைப் புத்தகம் வாசிக்கச் சொல்வதுதான் வாசிப்பு ஜோடி. கேட்க எளிதாக இருக்கும். நான் முதல் வருடம் தொடங்கியபோது மூன்றாவது வாரத்திலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

காரணம் நான் சொன்ன ஒரு வார்த்தை. நாலாம் வகுப்பைக் கூப்பிட்டு, "சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றேன். அவர்களும் சொல்லிக்கொடுத்தார்கள், தாங்கள் பார்த்த மாதிரியே. இரண்டு பேர் கையில் ஸ்கேல். ஒருவன் தம்பியின் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் அழுத்தி, "இது என்ன, சொல்லு, சொல்லு" என்கிறான். இன்னொருத்தி பாப்பாவுக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். கதைப் புத்தகம் ஓரமாகக் கிடக்கிறது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நானே பத்துப் பன்னிரண்டு பேராக உருவாக்கி வைத்திருந்தேன்.

ஒரு சின்னச் செய்தி இங்கே. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஓர் ஆண்கள் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த மாணவரைக் கொண்டே இளையவருக்குக் கற்பிக்கும் முறையை விடுதியில் வளர்த்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது மெட்ராஸ் முறை என்றே பெயர் பெற்றது. ஆக, பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்த முறையில் மூத்தவன் ஆசிரியரின் பிரதிநிதி. பாடம் ஒப்பிக்கக் கேட்பான், மேற்பார்வை பார்ப்பான். வாசிப்பு ஜோடியில் அவனுக்கு அந்த அதிகாரமே கிடையாது. கீழே நான் சொல்லப்போவதில் பாதி, அந்த அதிகாரம் அவன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது பற்றித்தான்.

யாருக்கு என்ன வேலை

முதலில் இதைத் தெளிவாக்கிவிடுங்கள். அக்கா அல்லது அண்ணனுக்கு மூன்றே வேலை. கதையை நன்றாக வாசித்துக் காட்டுவது. தம்பியோ பாப்பாவோ வாசிக்கும்போது கேட்பது. அவர்கள் நின்றுவிட்டால் கொஞ்சம் பொறுத்து அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவது. எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, எழுதச் சொல்வது, கேள்வி கேட்டுச் சோதிப்பது, மதிப்பெண் போடுவது எதுவும் அவர்கள் வேலை இல்லை.

சின்னவர்களுக்கும் மூன்று உரிமை உண்டு. இரண்டு மூன்று புத்தகத்தில் எது வேண்டும் என்று அவர்கள்தான் எடுப்பார்கள். பக்கத்தைப் புரட்டுவது அவர்கள் கைதான். "நீயே வாசி" என்று சொல்லவும் உரிமை உண்டு. அப்படிச் சொன்னால் அக்கா மறுபேச்சில்லாமல் வாசிக்க வேண்டும். இந்த மூன்றாவது உரிமை பெரியவர்களுக்கு முதலில் பிடிக்காது. "அவன் சோம்பேறித்தனம் பண்றான் டீச்சர்" என்பார்கள். விட்டுவிடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே புத்தகத்தைத் தன் பக்கம் இழுப்பான்.

ஆசிரியரின் வேலை ஜோடி சேர்ப்பது, புத்தகம் தேர்வது, நடக்கும்போது காது கொடுத்துச் சுற்றி வருவது. அந்த இருபது நிமிடத்தில் பதிவேடு எழுத உட்கார்ந்தால் திட்டம் கெட்டுவிடும், எனக்குக் கெட்டது.

ஜோடி சேர்ப்பது

ஜூன் மாதத்தில் தொடங்காதீர்கள். ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் அப்போது வாசலைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார்கள். ஜூலையில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்குள் ஒரு பத்து வாரம் கிடைக்கும். ஒரு சுற்றுக்கு அது போதும்.

தொடங்குவதற்கு முந்தைய வாரம் இரண்டு வகுப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். நாலாம் வகுப்பில் ஒவ்வொருவரையும் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் அதிகம் பழகாத ஒரு பக்கத்தை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு படக்கதையைக் கொடுத்து, புத்தகத்தை நேராகப் பிடிக்கிறானா, படத்தைப் பார்த்துக் கதை சொல்கிறானா, ஏதாவது எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு வகுப்பையும் வாசிப்புத் திறன்படி மேலிருந்து கீழாக எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நம் கை தானாகவே நாலாம் வகுப்பின் முதல் பிள்ளையை ஒன்றாம் வகுப்பின் கடைசிப் பிள்ளையோடு சேர்க்கப் போகும். அது வேண்டாம். நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு, எழுத்தே தெரியாத தம்பியோடு பொறுமை சீக்கிரம் போய்விடும். முதலாவதை முதலாவதோடும், கடைசியைக் கடைசியோடும் வரிசையாகச் சேர்த்தால் எல்லா ஜோடியிலும் இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்.

கடைசியில் இருக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளைதான் இந்தத் திட்டத்தில் அதிகம் பயன் பெறுகிறவன். அவனுக்கு உண்மையில் தேவைப்படுவது பக்கத்துக்கு ஒரு வரி உள்ள புத்தகம். அதைத் தன் வகுப்பில் எடுத்தால் கேலி செய்வார்கள். தம்பிக்காக எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒத்திகைக்குப் பிறகும் ஒரு வரியை வாசிக்க முடியாதவனாக இருந்தால் எழுத்தே இல்லாத படக்கதையைக் கொடுத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். அவனை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எண்ணிக்கை ஒத்துப்போகாது. நாலாம் வகுப்பில் 22 பேர், ஒன்றாம் வகுப்பில் 18 பேர் என்றால் 18 ஜோடி போக நாலு பேர் மீதி. அந்த நாலு பேரும் பட்டியலின் நடுவிலிருந்து வரட்டும். கடைசி நாலு பேரை மீதியாக்கினால் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். மீதிப் பேர்தான் மாற்று ஆள். திருவிழா, காய்ச்சல், சொந்தக்காரர் கல்யாணம் என்று யாராவது வராத நாள்தான் அதிகம் என்பதால் அவர்கள் சும்மா இருக்கப்போவதில்லை. கூடப்பிறந்தவர்களை ஜோடி சேர்க்க வேண்டாம், வீட்டுச் சண்டை அப்படியே வந்து உட்காரும்.

புத்தகமும் ஒத்திகையும்

பாடநூல் கூடாது. அதை எடுத்த உடனே "சொல்லு, சொல்லு" ஆரம்பித்துவிடும். எட்டிலிருந்து பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய படம், ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவது நல்லது. வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் பள்ளியில் இருந்தால் நுழையிலிருந்து தொடங்குங்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைத் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால் சார்ட் அட்டையை வெட்டி நீங்களே எழுதலாம். நான் எழுதிய ஒன்று இப்படிப் போகும்: ஆடு வந்தது. இலையைத் தின்றது. கோழி வந்தது. புழுவைத் தின்றது. பூனை வந்தது. மீனைத் தின்றது. பாட்டி வந்தாள். எல்லோரும் ஓடினார்கள். எட்டு வாக்கியம், எட்டுப் பக்கம். படம் நாலாம் வகுப்பு வரைந்தது.

பதினெட்டு ஜோடிக்கு இருபத்தைந்து புத்தகம் இருந்தால் சமாளிக்கலாம். ஒரே புத்தகத்தில் பல பிரதி தேவையில்லை.

ஒத்திகை என்பதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். வாசிப்பு நாளுக்கு முந்தைய நாள், பதினைந்து நிமிடம், நாலாம் வகுப்பு மட்டும் தங்கள் புத்தகத்தை எடுத்துச் சத்தமாக வாசித்துப் பார்க்க வேண்டும். இரண்டைக் கவனியுங்கள். முற்றுப்புள்ளியில் நிற்கிறார்களா? பாட்டி பேசும்போது பாட்டி மாதிரி பேசுகிறார்களா? வேறு எதையும் திருத்த வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரே புத்தகத்தை மூன்று நாலு முறை சத்தமாக வாசிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. "எங்க பிள்ளை படிப்பை விட்டுட்டு அங்கே போய் உக்காந்திருக்கா" என்று பெற்றோர் வந்து கேட்டால், அவளையே ஒத்திகையில் வாசிக்கச் சொல்லிக் கேட்கச் செய்யுங்கள்.

பெரியவர்களுக்குப் பயிற்சி

சின்னவர்களைக் கூட்டி வருவதற்கு முன் மூன்று பயிற்சி, அரை மணி நேரம் வீதம். இதில் நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக நடிப்பேன். கொட்டாவி விடுவேன், ஜன்னலைப் பார்ப்பேன், "ஒண்ணுக்கு" என்பேன், தப்பாக வாசிப்பேன். நாலாம் வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். அப்படியே கற்றும்கொள்ளும்.

முதல் பயிற்சியில் உட்காருவது. எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவருக்குப் புத்தகம் தலைகீழாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில், புத்தகம் சின்னவர் மடியில். அக்காவின் விரல் வரியின் கீழே மெதுவாக நகரலாம். தம்பியின் விரலைப் பிடிக்கக் கூடாது.

இரண்டாம் பயிற்சியில் ஐந்து எண்ணுவது. தம்பி ஒரு சொல்லில் நின்றாலோ தப்பாக வாசித்தாலோ, மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். அதற்குள் அவனே சொல்லிவிட்டால் மேலே போகலாம். இல்லாவிட்டால் அக்கா அந்தச் சொல்லை முழுதாகச் சொல்வாள், அவன் திருப்பிச் சொல்வான், அடுத்த சொல். "தப்பு" என்ற வார்த்தையே வரக் கூடாது. ஜோடி வாசிப்பு முறைகள் பலவற்றிலும் இந்த நாலைந்து விநாடிக் காத்திருப்பு உண்டு. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஐந்து விநாடி ஒரு யுகம். இரண்டிலேயே வாயைத் திறந்துவிடும். அதனால் முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கி எண்ணச் சொல்லிப் பழக்குவேன்.

ஏன் முழுச் சொல், ஏன் எழுத்துக்கூட்டக் கூடாது என்று கேட்பீர்கள். கோழி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது ககரம் இல்லை, இரட்டைக்கொம்பு. அதற்குத் தனியாக ஒலி கிடையாது. அடுத்து க, அப்புறம் ஒரு துணைக்கால். மூன்றையும் சேர்த்துப் பின்னோக்கி ஒரு ஒலி செய்ய வேண்டும். இதை விளக்க வகுப்பாசிரியருக்கே பல நாள் பிடிக்கிறது. அக்கா விளக்கப் புகுந்தால் கோழி எங்கேயோ போய்விடும். அதே மாதிரி "பக்கம்" சொல்லில் க ஒரு மாதிரியும் "மகன்" சொல்லில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. தம்பி மகனை வல்லினமாக அழுத்தி வாசித்தால், அக்கா இயல்பாக ஒருமுறை சொன்னால் போதும், அவன் வீட்டில் கேட்ட சொல்தான் அது.

மூன்றாம் பயிற்சி முழுவதும் ஒரே விஷயத்துக்கு: பேச்சுத் தமிழ். புத்தகத்தில் "ஆடு வந்தது" என்று இருக்கும். தம்பி "ஆடு வந்துச்சு" என்பான். நம் நாலாம் வகுப்பு உடனே பாய்ந்து திருத்தும். உண்மையில் அவன் நன்றாகவே செய்திருக்கிறான். ஆட்டை வாசித்திருக்கிறான், அது வந்ததையும் புரிந்துகொண்டு தன் மொழியில் சொல்லியிருக்கிறான். இதற்கு ஐந்து எண்ண வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். வரி முடிந்ததும் அக்கா ஒருமுறை "ஆடு வந்தது" என்று புத்தகத்தில் இருக்கிறபடி வாசித்துவிட்டு அடுத்த பக்கம் போகலாம். "ஆடு போனது" என்று வாசித்தால் அது வேறு, கதையே மாறிவிடுகிறது. அப்போது விரலை மடக்கலாம். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபட, நான் பத்துத் தப்புகளை வாசித்துக்காட்டி, "கதை மாறிச்சா, மாறலையா?" என்று கேட்பேன். இரண்டாம் முறை கேட்கும்போது அநேகமாக எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

அந்த இருபது நிமிடம்

மதிய உணவுக்குப் பின் ஐந்து வயது தூங்கும், அதற்கு முன் பசிக்கும். காலை இடைவேளை முடிந்த உடனே வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு ஜோடியும் ஒரே அறையில் வாசித்தால் யாருக்கும் யார் குரலும் கேட்காது. பாதிப் பேர் தாழ்வாரத்தில், கொஞ்சம் பேர் மரத்தடியில், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரண்டு வகுப்பாசிரியரும் கூட இருப்பது நல்லது.

மூன்று நிமிடம் அட்டையைப் பார்த்துப் பேச்சு. எட்டு நிமிடம் அக்கா வாசிப்பது. ஆறு நிமிடம் சேர்ந்து வாசிப்பது அல்லது தம்பி வாசிப்பது. கடைசி மூன்று நிமிடம் எந்தப் பக்கம் பிடித்தது என்று பேச்சு. மணி அடித்து மாற்ற வேண்டாம், இது சுமாரான கணக்கு.

என் வகுப்பு ஜோடி ஒன்று எப்படிப் போனது என்று சொல்கிறேன். சுமாராக வாசிக்கும் ஒரு பெண்ணும், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையனும். முதல் வாரம் அந்த ஆடு, கோழிப் புத்தகத்தை அவள் வாசித்தாள். அவன் கேட்டான். பாட்டி பக்கம் வந்ததும் புரட்டியவன் திரும்பவும் முதல் பக்கத்துக்கே போனான். ஒரே உட்காரலில் மூன்று முறை வாசிக்க நேர்ந்தது, அவளுக்கு அலுப்பு. இரண்டாம் வாரம் அவள் "கோழி" என்று நிறுத்த, அவன் "வந்துச்சு" என்றான். அவள் "வந்தது" என்று வாசித்துவிட்டுப் போனாள், சொன்ன மாதிரியே. மூன்றாம் வாரம் முழுப் புத்தகத்தையும் அவனே "வாசித்தான்", கண் கூரையில் இருந்தது. "மனப்பாடம் பண்ணிட்டான் டீச்சர், வாசிக்கலை" என்று புகார் வந்தது. சரிதான், மனப்பாடம்தான். முதல் மாதத்தில் அது கெடுதல் இல்லை. ஒரு புத்தகம் எப்படி ஓடுகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் ஒரு வேலை மட்டும் சொன்னேன்: புத்தகத்தை நடுவில் திறந்து, "இதில் மீன் எங்கே இருக்கு, தொடு" என்று விளையாட்டாகக் கேள், ஒரு நாளைக்கு ஒரு சொல்தான். முதல் நாள் படத்து மீனைத் தொட்டான். அடுத்த வாரம் எழுத்தைத் தொட்டான். ஐந்தாம் வாரம் வேறு புத்தகத்தில் மீன் வந்தபோது, யாரும் கேட்காமலே விரலை வைத்தான். மனப்பாடம் வாசிப்பாக மாறுகிறதா என்று பார்க்க இதுதான் அடையாளம்: பழைய சொல்லைப் புதிய இடத்தில் கண்டுபிடிப்பது. ஆறேழு வாரம் கழித்தும் அது நடக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு எழுத்தை நீங்கள்தான் தனியாகக் கற்பிக்க வேண்டும். ஜோடி அதைச் செய்யாது.

கெட்டுப்போகிறதா என்று எப்படித் தெரியும்

ஒவ்வொரு நாளும் இரண்டே ஜோடிக்குப் பின்னால் போய் இரண்டு நிமிடம் நில்லுங்கள். புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பெரியவர் கைக்குப் போயிருந்தால், சின்னவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று நிமிடத்தில் புத்தகம் முடிந்துவிட்டது என்றால் ஒத்திகை நடக்கவில்லை, ஓட்டமாக ஓடியிருக்கிறார்கள். அதட்டும் குரல் கேட்டால், தம்பி முன்னால் அக்காவைத் திருத்தாதீர்கள். அவள் மரியாதை போனால் ஜோடியே போச்சு. முடிந்ததும் பெரியவர்களை மட்டும் ஐந்து நிமிடம் வட்டமாக உட்காரவைத்து, "இன்னிக்கு யார் தம்பி என்ன பண்ணினான்?" என்று கேளுங்கள். அதட்டியவள் தானே சொல்வாள், அல்லது பக்கத்தில் இருந்தவன் சொல்வான். தீர்வும் அநேகமாக அவர்களிடமே வரும். "என் பாப்பாவுக்கு முதல்ல அஞ்சு நிமிஷம் அவ நாய்க்குட்டி கதையைக் கேட்டுட்டாதான் புத்தகத்துக்கு வருவா" என்று ஒருவன் சொன்னதை எந்தப் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை.

ஜோடி ஒட்டவில்லை என்று முதல் வாரமே மாற்றாதீர்கள். மூன்று வாரம் பாருங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் நாலைந்து ஜோடியைக் கலைத்து மாற்றுங்கள். யாரால் மாறியது என்று தெரியாது.

பதிவுக்கு ஜோடிக்கு ஓர் அட்டை போதும். தேதி, புத்தகத்தின் பெயர், பக்கத்தில் தம்பி வரையும் ஒரு முகம். சிரித்த முகமா, உம்மென்ற முகமா என்று அவன் இஷ்டம். மூன்று உம் முகம் தொடர்ந்து வந்தால் அடுத்த நாள் அந்த ஜோடிக்குப் பின்னால் நில்லுங்கள்.

இன்னொன்று, நான் எதிர்பார்க்காதது. "தம்பி புத்தகத்தை மூக்குகிட்ட வச்சுக்கறான் டீச்சர்", "ரெண்டு தடவை சொன்னாத்தான் பாப்பாவுக்குக் கேக்குது" என்று பெரியவர்கள் வந்து சொல்வார்கள். பக்கத்தில் உட்காருவதால் நம் கண்ணில் படாதது அவர்கள் கண்ணில் படுகிறது. குறித்துவைத்துக்கொண்டு, பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது அந்தப் பிள்ளைகளை முதலில் காட்டுங்கள். குழு வரத் தாமதமானால் பெற்றோரைக் கூப்பிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

பத்தாவது வாரம் ஒரு புத்தகத்தைத் தம்பி தேர்ந்து அக்காவுக்கு வாசித்துக் காட்டட்டும். பழகிய புத்தகமானாலும் பரவாயில்லை, படத்தைப் பார்த்துச் சொன்னாலும் பரவாயில்லை. மேடை, பெற்றோர், கைதட்டல் எதுவும் வேண்டாம். விடுமுறை முடிந்து வந்ததும் பட்டியலைப் புதிதாக எழுதி ஜோடியைப் புதிதாகச் சேருங்கள். ஒன்றாம் வகுப்பு வரிசை அதற்குள் தலைகீழாக மாறியிருக்கும்.